மைனஸ் 18-க்கும் 15-க்கும் நடுவில்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல உறைபனி படிந்திருக்கும். அது எல்லா நாளும் விழாது. காற்று அசையாமல், வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்த இரவுக்கு அடுத்த காலையில்தான் விழும். மேகம் மூடிய இரவென்றால் பயமில்லை. தேயிலையும் காய்கறியும் வைத்திருப்பவர்கள் சாயங்காலமே அண்ணாந்து பார்த்து இதைக் கணித்துவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மாதிரிக் காலையில் ஆள் உயரத்தில் மாட்டியிருக்கும் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும். பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்காது. ஆனால் தரையில் புல்நுனி உறைந்து கிடக்கும். தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடப் புல் எப்படி அதிகமாகக் குளிர்ந்தது? காற்று அதைக் குளிரவைக்கவில்லை. புல் இரவு முழுக்கத் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேல்நோக்கி வீசிக்கொண்டே இருந்தது. மேலே மேகம் இருந்திருந்தால் அதுவும் பதிலுக்குக் கீழே கொஞ்சம் வீசியிருக்கும். மேகம் இல்லாததால் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை.

பசுமை இல்ல விளைவைப் புரிந்துகொள்ள இந்தப் புல்நுனி போதும். சூடாக இருக்கிற எதுவும் கதிர் வீசும். சூரியன் 5,500 டிகிரியில் இருப்பதால் அதன் கதிரில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகவும், அதை ஒட்டிய அலைநீளங்களிலும் வருகிறது. புல், சுவர், கடல், நம் உடம்பு எல்லாம் அதோடு ஒப்பிட்டால் வெறும் வெதுவெதுப்புத்தான். அதனால் அவை வீசுவது அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். பொருளைத் தொடாமல் அளக்கிற துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானி ஆன்லைனில் கிடைக்கிறது. (கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது வேண்டாம், அது உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டும் காட்டும். ஏசி மெக்கானிக் வைத்திருப்பது போன்ற கருவி வேண்டும்.) தை மாதத்தில் ஒரு தெளிந்த இரவில் மொட்டை மாடிக்குப் போய் முதலில் கைப்பிடிச் சுவரைக் குறிவையுங்கள், அப்புறம் நேர் மேலே வானத்தை. சுவருக்கு இருபது சொச்சம் காட்டும் கருவி வானத்துக்கு மளமளவென்று இறங்கும். வறண்ட ஊராக இருந்தால் மைனஸில்கூடப் போகும். குறிவைத்த இடத்தில் ஒரு மேகம் நகர்ந்து வந்தால் எண் ஏறும். மேகம் கடந்ததும் மறுபடி இறங்கும்.

கவனியுங்கள், தெளிந்த வானம்கூட அண்டவெளியின் மைனஸ் 270 டிகிரியைக் காட்டுவதில்லை. அப்படியானால் மேகம் இல்லாத இடத்திலும் காற்றுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று நம்மை நோக்கிக் கதிர் வீசிக்கொண்டிருக்கிறது. அது எது என்று பார்ப்பதற்கு முன்னால், அது இல்லாவிட்டால் பூமி எவ்வளவு குளிராக இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

பூமியின் தூரத்தில் சூரியனை நேராகப் பார்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பலகையில் சுமார் 1,361 வாட் விழுகிறது. பூமி பலகையல்ல, உருண்டை. பாதிக்கு எப்போதும் இரவு, மீதிப் பாதியிலும் பெரும்பாலான இடங்களில் வெயில் சாய்ந்து விழுகிறது. இதையெல்லாம் சேர்த்துச் சராசரி எடுத்தால் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும்: 340 வாட். அதில் 30 சதவீதத்தை மேகமும் பனியும் மணலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 வாட்.

வருவது 240 என்றால் போவதும் 240 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூமி சூடாகிக்கொண்டோ குளிர்ந்துகொண்டோ போகும். வெப்பநிலைக்கும் வீசும் கதிருக்கும் உள்ள தொடர்பு இது:

240 = 5.67 × 10⁻⁸ × T⁴

இதில் T என்பது கெல்வின் அளவு. விடை 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி. ஆனால் பூமியின் தரைமட்டச் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரி. நடுவில் இருக்கும் 33 டிகிரிதான் பசுமை இல்ல விளைவு. வேறு எதைச் சொல்லியும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. வருகிற வெயிலையெல்லாம் கணக்கில் சேர்த்தாயிற்று.

அந்த 33 டிகிரியைத் தருவது எது? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மீதியில் பெரும்பகுதி ஆர்கான். நாம் மூச்சிழுக்கும் காற்றில் 99 சதவீதத்துக்கு மேல் இவைதான். ஆனால் வெளிச்சத்துக்குக் கண்ணாடி எப்படியோ, அகச்சிவப்புக் கதிருக்கு இவை அப்படி, தடையே இல்லை. இரண்டே இரண்டு ஒரே மாதிரி அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு, கதிரைப் பிடித்து அதற்கேற்ப அதிர்வதற்கு வழியில்லை. மூன்று அணு கொண்ட நீராவிக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் அது முடியும். அவை வளையும், நெளியும், அதிரும். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு வளைந்து நிமிரும் அதிர்வு, 15 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைப் பிடிப்பதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. பூமி வீசும் கதிரில் கணிசமான பங்கு அந்த அலைநீளத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் மற்றவற்றைவிடச் சூடானது. 1859-ல் லண்டனில் ஜான் டிண்டால் இன்னும் நுட்பமான கருவியைச் செய்து, நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெப்பக் கதிரைத் தடுக்கின்றன, நைட்ரஜனும் ஆக்சிஜனும் தடுப்பதில்லை என்று அளந்தே காட்டினார். ஆக, இது நேற்று முளைத்த விஷயம் இல்லை.

பிடித்த கதிரை வாயு தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றிலிருந்து அதே வாயுக்கள் மறுபடி எல்லாத் திசைகளிலும் கதிர் வீசுகின்றன, கீழேயும் சேர்த்து. இப்படி வானத்திலிருந்து தரைக்கு இறங்கும் அகச்சிவப்பு, இரவு பகல் சராசரியில் சதுர மீட்டருக்கு சுமார் 340 வாட். அதே தரை நேரடியாகச் சூரியனிடமிருந்து உள்வாங்குவது 160 வாட் அளவுதான். நம்மைச் சூடாக வைத்திருப்பதில் வெயிலைவிட வானத்தின் பங்கு இரண்டு மடங்கு என்பதை முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. (அந்த வெப்பமும் முதலில் வெயிலாக வந்ததுதான், தரைக்கும் வானத்துக்கும் இடையே கைமாறிக்கொண்டிருக்கிறது.)

இந்த இடத்தில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பசுமை இல்லம் என்ற கண்ணாடிக் குடில் சூடாவதற்கு முக்கியக் காரணம், உள்ளே சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாததுதான். வளிமண்டலத்தில் காற்று தாராளமாக மேலெழுகிறது. எனவே பெயர் கொஞ்சம் ஏமாற்றும். நிலைத்துவிட்டது, விட்டுவிடலாம்.

சரி, நீராவிதான் பெரிய கை என்றால் கார்பன் டை ஆக்சைடைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? தற்போதைய விளைவில் ஏறத்தாழப் பாதி நீராவியுடையது, கால் பங்கு மேகங்களுடையது, கார்பன் டை ஆக்சைடுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நீராவி தன்னிச்சையாக எதையும் தொடங்காது. அதிகமானால் சில நாட்களில் மழையாகக் கொட்டிவிடும். காற்றில் எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது: ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 சதவீதம் அதிகம். கார்பன் டை ஆக்சைடு மழையாகப் பெய்வதில்லை. அது பிடித்துவைக்கும் சூட்டில்தான் நீராவி காற்றில் தங்குகிறது. 2010-ல் நாசா விஞ்ஞானிகள் ஒரு கணினி மாதிரியில் கார்பன் டை ஆக்சைடையும், அதைப் போலவே மழையாகாத மற்ற வாயுக்களையும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நீராவியைத் தொடவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குள் உலகச் சராசரி மைனஸ் 21 டிகிரிக்கு விழுந்தது, நீராவியும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து போனது. நாம் முன்னே போட்ட மைனஸ் 18 கணக்கைவிடவும் கீழே. ஏனென்றால் அந்தக் கணக்கில் 30 சதவீதம்தான் எதிரொளிக்கிறது என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் பூமி குளிரும்போது பனி பரவும், எதிரொளிப்பு அதிகமாகும்.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். கெட்ட பக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு நியாயமான கேள்வி நிற்கிறது. 1900-ல் ஸ்வீடனைச் சேர்ந்த நுட் ஆங்ஸ்ட்ரம் என்ற இயற்பியலாளர் அதைக் கேட்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1896-ல், அவருடைய நாட்டுக்காரரான ஸ்வாந்தே அரீனியஸ், கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி சில டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஆங்ஸ்ட்ரம் தரப்பு சொன்னது இது: ஒரு குழாயில் கார்பன் டை ஆக்சைடை நிரப்பிக் கதிரைச் செலுத்துகிறோம். வாயுவின் அளவைக் குறைத்தாலும் கூட்டினாலும் தடுக்கப்படும் அளவில் பெரிய மாற்றம் இல்லை. 15 மைக்ரோமீட்டர் கதிரை இப்போதுள்ள வாயுவே முழுக்கப் பிடித்துவிடுகிறது. ஜன்னலுக்கு ஏற்கெனவே கறுப்புத் திரை போட்டாயிற்று, இன்னொரு திரை எதற்கு?

பல பத்தாண்டுகள் இந்தப் பதிலே செல்லுபடியானது. இன்றைக்கும் வாட்ஸப்பில் வேறு சொற்களில் சுற்றிவருகிறது. அதில் பிழை எங்கே என்று புரிந்துவிட்டால் மொத்த விஷயமும் புரிந்த மாதிரிதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறிப்போய், மேலிருந்து கீழே மூடுபனியைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் தரை தெரியாது. தெரிவது மூடுபனியின் மேல்பரப்பு மட்டும். மூடுபனி இன்னும் அடர்த்தியாகி மேலே எழுந்தால்? தரை முன்பும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஆனால் நாம் பார்க்கும் மேல்பரப்பு உயர்ந்திருக்கிறது. அண்டவெளியிலிருந்து 15 மைக்ரோமீட்டர் கண்ணால் பார்த்தால் பூமி அப்படித்தான் இருக்கும். தரையிலிருந்து கிளம்பும் கதிர் வெளியே போவதில்லை. பிடிபட்டு, மறுபடி வீசப்பட்டு, மறுபடி பிடிபட்டு மேலே ஏறுகிறது. காற்று போதுமான அளவு மெலிந்துவிட்ட ஓர் உயரத்தில்தான் கடைசியாகத் தப்பிக்கிறது. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அந்த உயரம் சுமார் 5 கிலோமீட்டர்.

மேலே போகப் போகக் குளிர் என்பது ஊட்டி போனவருக்கெல்லாம் தெரியும். கிலோமீட்டருக்கு சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. 5 கிலோமீட்டருக்கு 33 டிகிரி. தரையில் 15, அங்கே மைனஸ் 18. முன்பு கணக்கில் வந்த அதே எண். பூமி தன் 240 வாட்டை அந்த உயரத்திலிருந்துதான் வீசுகிறது.

இப்போது வாயுவைக் கூட்டுங்கள். கதிர் தப்பிக்கும் உயரம் இன்னும் மேலே போகிறது. அங்கே காற்று இன்னும் குளிர். குளிர்ந்த காற்று குறைவாக வீசும். போகிற கணக்கு 240-ஐவிடக் குறைந்துவிடுகிறது, வருகிற கணக்கு மாறவில்லை. மிச்சமாகும் வெப்பத்தில் கடலும் தரையும் காற்றும் சூடாகிக்கொண்டே போகும், அந்தப் புதிய உயரம் மைனஸ் 18-ஐத் தொட்டு மறுபடி 240 வாட் வீசும் வரை. கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் அந்த உயரம் ஏறுவது சுமார் 150 மீட்டர்தான். ஆனால் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் அது ஒரு டிகிரி. ஆங்ஸ்ட்ரமின் குழாயில் மேல் கீழ் என்ற பேச்சே இல்லை. வளிமண்டலம் உயரத்தோடு குளிரும் அடுக்குகளாக இருப்பதை ஒரு குழாய் காட்டாது.

அந்த ஒரு டிகிரியோடு நீராவி கூடுகிறது, அதுவும் கதிரைப் பிடிக்கிறது. பனி உருகுகிறது, எதிரொளிப்பு குறைகிறது. எல்லாம் சேர்ந்து, இரட்டிப்புக்கு சுமார் 3 டிகிரி என்பது இன்றைய மதிப்பீடு. இரண்டரையிலிருந்து நான்கு வரை இருக்கலாம். இந்த இழுபறிக்குப் பெரும்பாலும் மேகங்களே காரணம். தாழ்ந்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிரவைக்கும், உயர்ந்த மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடிக்கும், சூடான உலகில் எது எவ்வளவு மாறும் என்பதைக் கணிப்பது கடினம்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024-ல் 424-ஐத் தாண்டிவிட்டது. இது காற்றில் வெறும் 0.04 சதவீதம் என்று சிலர் சிரிப்பார்கள். மீதி 99 சதவீதத்துக்கு இந்த வேலையே தெரியாது என்பதை மேலே பார்த்தோம். பனியுகத்தின் உச்சத்தில் 180 பங்கும், பனியுகம் முடிந்தபின் 280 பங்கும் இருந்தன. அந்த இரண்டு உலகங்களுக்கும் இடையே சராசரி வெப்பநிலை வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான், ஆனால் முதலாவதில் கனடா ஏறத்தாழ முழுக்கப் பனிப்பாறைக்கு அடியில் இருந்தது. அந்த 100 பங்கு ஏற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. கீலிங் தொடங்கியதிலிருந்து இன்றுவரை, ஒரு மனிதரின் ஆயுளுக்குள், அதைவிட அதிகம் ஏறிவிட்டது.

சூரியன்தான் கொஞ்சம் கூடுதலாகக் காய்கிறதோ என்று கேட்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். பசுமை இல்ல வாயு காரணமென்றால் கீழே சூடாகும், சுமார் 15 கிலோமீட்டருக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிரும். அங்கே கூடுதல் கார்பன் டை ஆக்சைடு, வெப்பத்தை அண்டவெளிக்கு வீசும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. 1967-லேயே சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் இதைக் கணித்துச் சொன்னார்கள். பின்னால் செயற்கைக்கோள்களும் பலூன்களும் அளந்தபோது கீழே சூடு, மேலே குளிர் என்றுதான் வந்தது. (மேலே குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் ஒரு பங்கு உண்டு.) மனாபேக்கு 2021-ல் நோபல் கிடைத்தது. இன்னொன்று, 1970-ல் பறந்த நிம்பஸ் 4 செயற்கைக்கோள் பூமியின் கதிரை அலைநீளவாரியாகப் பதிவு செய்திருந்தது. 1997-ல் வேறொரு செயற்கைக்கோள் எடுத்த பதிவோடு அதை ஒப்பிட்டபோது, கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் பிடிக்கும் அதே அலைநீளங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. இந்த வேலைக்கு நம் மொட்டை மாடிக் கருவி உதவாது. அது பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரைதான் பார்க்கும். 15 அதன் கண்ணுக்குச் சற்று வெளியே.

மீத்தேன் என்றதும் வயல் நினைவுக்கு வருகிறது. தண்ணீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது என்று சொல்வார்களே, அப்படி இடையிடையே வயலைக் காயவிட்டால் சேற்றுக்குள் காற்று புகுந்து மீத்தேன் குறையும். மீத்தேன் வலுவான வாயு, ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காற்றிலேயே சிதைந்துவிடும். வரத்து குறைந்தால் அளவும் சீக்கிரம் இறங்கும்.

கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. அதை எரித்தால் வருவது சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஏனென்றால் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொண்டு போகிறது. உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதில் வருவது ஆண்டுக்கு சுமார் 3,700 கோடி டன். ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றில் நிற்கிறது, அதன்மேல் அடுத்த ஆண்டினுடையது வந்து சேர்கிறது. எனவே எரிப்பது ஒரே அளவில் நின்றாலும் காற்றிலுள்ள அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

நின்ற பாதியிலும் கடல் நூற்றாண்டுக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். ஆனால் ஒரு பங்கு, தோராயமாக ஐந்தில் ஒன்று, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் மேலேயே இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010-ல் யாராவது ஒரு மூட்டை நிலக்கரியை எரித்திருந்தால், அதன் புகையில் போன கார்பன் டை ஆக்சைடில் ஐந்தில் ஒரு பங்களவு இன்றும் நம் தலைக்கு மேல் 15 மைக்ரோமீட்டர் கதிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.